2022ஐப் பாட்டுப் போட்டு மூடாதேங்கோ

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போனே உங்களுக்கு ஒரு படம் செய்து தருது. சிரிச்ச முகம், பிறந்தநாள் கேக், மவுண்ட் லவினியா கடற்கரை, எல்லாம் ஒன்றரை செக்கனுக்கு ஒன்றாக ஓட, மேல ஒரு பாட்டு. அது போதாது எண்டு நாங்கள் உட்கார்ந்து கையால் செய்தாலும் அதே மாதிரித்தான் செய்கிறோம். மற்ற வருசங்களுக்கு அது பரவாயில்லை எண்டு விடலாம். ஆனா 2022க்கும் அதையே செய்து வைச்சிருக்கிறோமே, அதைத்தான் என்னால் விட முடியேல்ல.

ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தைப் பக்கம் சுத்தின 2022 படங்களில் நான் பார்த்த முக்கால்வாசியும் ஒரே படம்தான். காலிமுகத்திடல் கூடாரம், ஜூலை 9 ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகம், கொடி, பாட்டு. நல்லது. அந்த வருசத்தில மிச்சம் முந்நூற்றுச் சொச்ச நாளும் எங்க போச்சு? மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த இரவுகள் எங்க? கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால கட்டி வரிசையில வைச்சிட்டு வீட்டுக்குப் போன காலைகள் எங்க?

ஏன் இப்படி ஆகுது எண்டால், படத்தைக் கட்டுகிறவர் கிளிப் நிறைய இருக்கிற மாதத்துக்கு நிறைய நேரம் குடுக்கிறார். நாங்கள் ஆறு பேர் எங்கட போன்களை ஒரே ஃபோல்டரில் கொட்டிப் பார்த்தோம். ஜூலைக்கு நானூறுக்கு மேல கிடந்தது. பெப்ரவரிக்குப் பதினொன்று, அதிலயும் நாலு ஒரே பூனை. கிளிப்பின் எண்ணிக்கை, அண்டைக்கு எங்களுக்குக் கை தூக்கிப் படம் எடுக்கத் தோன்றியதா எண்டு மட்டும்தான் சொல்லும். பெற்றோல் ஷெட்டில ஏழாவது மணித்தியாலத்தில யாருக்குப் படம் எடுக்கத் தோன்றும்? போன் சார்ஜ் இருந்தால்தானே முதல்ல.

அதனால முதல்ல மாதத்துக்கு இவ்வளவு நிமிடம் எண்டு வெட்டி வையுங்கோ, பிறகு கிளிப்பைத் தேடுங்கோ. பன்னிரண்டு நிமிடப் படம் எண்டால் மாதத்துக்கு ஒரு நிமிடம், ஜூலைக்கும் அதே ஒரு நிமிடம். வெறுமையா இருக்கிற மாதத்தை நிரப்பக் கமெராவில் எடுக்காததும் உதவும். ஓகஸ்டுக்கு எங்களிட்ட ஒன்றுமே இல்லை எண்டு நினைச்சோம். பிறகு பார்த்தால் ஆறு பேரின்ட போனிலயும் எரிபொருள் கியூ.ஆர். ஸ்கிரீன்ஷொட் கிடந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. அந்தக் கறுப்புச் சதுரம் திரையில் பத்து செக்கன் அசையாமல் நிண்டால், அந்த மாதத்தை வாழ்ந்த ஆக்களுக்கு வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது திகதி. இங்கதான் படம் பொய் சொல்லத் தொடங்கும், செய்தவருக்கே தெரியாமல்.

வட்ஸ்அப்பில் வந்த போட்டோவில் எடுத்த நாளும் நேரமும் அழிந்து போயிருக்கும். `IMG-20220403-WA0012.jpg` எண்டு பேர் இருந்தால், அந்தத் திகதி அது உங்கட போனுக்கு வந்து இறங்கின நாள். 2022 ஏப்ரல் 3ம் திகதி சமூக ஊடகங்களை முடக்கி வைச்சது ஞாபகம் இருக்கா? முதல்நாள் இரவு எடுத்தது பல பேருக்கு அண்டைக்குப் பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. பேரை நம்பி அடுக்கினால் ஊரடங்குக்குள்ள நடக்காத ஒண்டு நடந்ததாகக் காட்டுவீங்கள். எடுத்தவரைக் கேட்டு மூலக் கோப்பையே வாங்குங்கோ. வட்ஸ்அப்பில்தான் அனுப்புவார் எண்டால் "டொக்யுமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கோ, அப்ப திகதி தப்பும்.

மூலக் கோப்பு கையில இருந்தாலும் இன்னொரு குழி இருக்கு. போட்டோவில் போன் எழுதுவது எங்கட உள்ளூர் நேரம். வீடியோவில் பெரும்பாலான போன்கள் எழுதுவது யு.டி.சி. நேரம், அதாவது எங்களைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால. மார்ச் 31 மிரிஹான இரவை எடுங்கோ. இரவு எட்டு மணிக்கு ஆக்கள் கூடுகிற போட்டோ 20:00 எண்டு கிடக்கும். பதினொன்றரைக்குப் பஸ் எரிகிற வீடியோ 18:00 எண்டு கிடக்கும். அப்படியே அடுக்கினால் பஸ் முதல்ல எரியும், ஆக்கள் பிறகு வருவினம். அந்த இரவில எது முதல்ல நடந்தது, எது அதால நடந்தது எண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கிற நாட்டில இது சின்னப் பிழை இல்லை. வெயில் அடிக்கிற இடத்தில் திடீரெண்டு ஒரு இருட்டுக் கிளிப் வந்தால் சந்தேகப்படுங்கோ, காரணம் அனேகமா இதுவாத்தான் இருக்கும்.

தீர்வு ஒரே வரி. கணினியின் நேரவலயம் கொழும்பில் இருக்கட்டும், கோப்புகளின் ஒரு பிரதியில் மட்டும் இதை ஓட்டுங்கோ:

```
exiftool -api QuickTimeUTC -d "%Y%m%d-%H%M%S%%-c.%%e" "-FileName<CreateDate" 2022
```

`2022` எண்ட ஃபோல்டரில் இருக்கிற ஒவ்வொரு கோப்புக்கும் அதை எடுத்த உள்ளூர் நேரமே பேராகும். பேர்வரிசையில் அடுக்கினால் வருசம் நேராகும். நேரமே இல்லாத கோப்பு பழைய பேரிலயே நிற்கும். அதுகளைத் தனியா வைச்சு, "இது எப்ப மச்சான்?" எண்டு ஆளாளாகக் கேட்கத்தான் வேணும். எங்களுக்கு அதுக்கே இரண்டு ஞாயிறு போச்சு. ஒருவருக்கும் தெரியாட்டில் அந்தப் படத்தைச் சேர்க்காதேங்கோ.

இப்ப பாட்டுக்கு வாறன். பாட்டுப் போடுகிறபோது கிளிப்பில் இருந்த சத்தத்தை நீங்கள் அழிக்கிறீங்கள். 2022இன் பாதி சத்தத்தில்தான் இருக்கு. ஹெவ்லொக் வீதிக் கடைகளின் ஜெனரேட்டர், காகம் கரையிற தாளத்தில ஓட்டோக்காரர் அடிச்ச ஹோர்ன், கரண்ட் வந்த உடன முழு ஒழுங்கையும் சேர்ந்து போட்ட கூச்சல். அந்தக் கூச்சல் எங்களிட்ட இருக்கிற ஒரு கிளிப்பில் பதிஞ்சிருக்கு. படம் முழுக்க இருட்டு, ஒண்டுமே தெரியாது. பாட்டுப் போட்டுச் செய்கிறவர் முதல்ல தூக்கி எறியிற கிளிப் அதுதான்.

பாட்டு இல்லாட்டில் போட்டோக்கள் ஊமையாக நிற்குமே எண்டு எங்கட குழுவிலயே ஒரு அக்கா சண்டைக்கு வந்தா. நியாயமான கேள்வி. அதுக்கு வழி, வீடியோவின் சத்தத்தைப் பிரிச்சு எடுத்து அதே நாளில் எடுத்த போட்டோக்களுக்குக் கீழ ஓட விடுறது. நாற்பது செக்கன் கியூச் சத்தம், மேல ஐந்து போட்டோ, ஒவ்வொண்டுக்கும் எட்டு செக்கன். குரல்பதிவும் உதவும். `PTT-` எண்டு தொடங்குகிற `.opus` கோப்புகளைத் தேடிப் பாருங்கோ. "டிக்மன்ஸ் வீதி ஷெட்டுக்கு பவுசர் வருதாம், கெதியா வா" எண்டு மூச்சு வாங்கிச் சொல்லுகிற ஒரு பதிவு எங்களிட்டக் கிடந்தது. அதை விடப் பெரிய பின்னணி இசை எனக்குத் தெரியாது. அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல. கடைசிப் பெயர்ப்பட்டியலுக்கு மட்டும் பாட்டு எண்டு பேசி முடிச்சிருக்கு.

செய்து முடிச்ச பன்னிரண்டு நிமிடத்தை நாங்கள் இணையத்தில் ஏற்றவில்லை. போராட்டத்தில் நிண்ட ஆக்களின்ட முகம் அதில தெளிவா இருக்கு. மே 18ம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரலுக்கு வந்த ஆக்களின்ட முகமும் இருக்கு. முகத்தை மங்கலாக்கினாலும் சட்டையும் குரலும் காட்டிக் குடுக்கும். அதனால ஆறு பேரின்ட வீட்டிலயும் ஒவ்வொரு பென்டிரைவில கிடக்கு, பார்க்க விருப்பம் எண்டால் வீட்டுக்கு வந்து பாருங்கோ.