சொல் யாருடையது? ‘ஷாமனியம்’ எனும் வகைப்பாட்டின் அரசியல்

வார இறுதியில் இரண்டு நாள் முகாம், கட்டணம் முன்கூட்டியே. ஒரே தாளத்தில் அடிக்கப்படும் பறையொலியைக் கேட்டுக் கண்மூடிப் படுத்திருந்தால் எவரும் ‘ஷாமன்’ ஆகிவிடலாம் என்கிறது இன்றைய ஆன்மிகச் சந்தை. மனித குலத்தின் ஆதி ஞானம் இதுவே என்றும், சைபீரியா முதல் அமேசான் வரை எல்லாத் தொல்குடிகளும் இதைத்தான் கடைப்பிடித்தன என்றும் அது உறுதி கூறுகிறது. இந்த உறுதிமொழியை வணிகர்கள் தாமே கண்டுபிடிக்கவில்லை. மதிப்புமிக்க கல்விப்புலம் ஒன்றிலிருந்துதான் அவர்கள் அதைக் கடன் பெற்றார்கள். எனவே சந்தையைக் கண்டிப்பதோடு நின்றுவிட முடியாது. அதற்குச் சரக்கு வழங்கிய வகைப்பாட்டையும் விசாரணைக்கு உட்படுத்தியாக வேண்டும்.

ஒரு சொல்லின் பயணம்

‘ஷாமன்’ என்பது கிழக்குச் சைபீரியாவில் வாழும் எவெங்கி மக்களின் சொல். ஜார் ஆட்சியால் அங்கு நாடு கடத்தப்பட்ட அவ்வக்கூம் என்ற ரஷ்யப் பாதிரியார் 1670களில் எழுதிய தன்வரலாற்றில் அது இடம்பெற்றது. 1692இல் நிக்கோலாஸ் விட்சன் என்ற டச்சுக்காரர் தம் நூலில் ஷாமன் ஒருவரின் படத்தை வெளியிட்டு, அவரைச் சாத்தானின் பூசாரி என்று அறிமுகம் செய்தார். சைபீரியாவின் பெரும்பகுதி கம்பளித்தோல் வரி வசூலிக்கப்பட்ட காலனியாக இருந்த நூற்றாண்டு அது. வென்ற தேசத்தின் அதிகாரிகளும் பயணிகளும் எவெங்கியரின் சொல்லை எல்லா மக்கள் மீதும் ஒட்டினர். சகா மக்கள் தங்கள் ஆண் சடங்காளரை ‘ஒயூன்’ என்றும் பெண்ணை ‘உதகான்’ என்றும் அழைத்தனர். மங்கோலியரின் சொல் ‘பூ’. இவர்களின் பணி, பயிற்சி, சமூகத் தகுதி ஆகியவை ஒன்றல்ல. ஆயினும் அனைவரும் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டனர்.

பெயர் சூட்டுவது குற்றமல்ல. ஒப்பிட்டு ஆராயப் பொதுச்சொல் தேவைதான். அந்தப் பொதுச்சொல்லுக்குள் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதை யார், எந்த ஆதாரத்தில் முடிவு செய்கிறார் என்பதே கேள்வி. அந்த முடிவைச் செய்தவர் மிர்ச்சா எலியாதே. 1951இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய நூல் ஷாமனியத்துக்கு இலக்கணம் வகுத்தது. ஷாமனின் உயிர் உடலை விட்டு வானுலகுக்கோ பாதாளத்துக்கோ பயணம் செய்ய வேண்டும். ஆவிகள் அவர் ஆணைக்கு உட்பட வேண்டும். ஆவி மனித உடலுக்குள் புகுந்து பேசுவது இந்த இலக்கணத்தில் சாரம் அல்ல. பிற்காலத்தில் வந்து சேர்ந்த திரிபு. எலியாதே சைபீரியாவில் களஆய்வு செய்தவர் அல்லர். பிறர் எழுதிய குறிப்புகளைத் தொகுத்தவர். 1930களில் ருமேனியாவின் பாசிச இயக்கமான இரும்புக் காவற்படையை ஆதரித்து எழுதியவரும் அவரே. அந்தக் கடந்தகாலம் ஒன்றே அவரது கோட்பாட்டைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் வரலாற்றுக்கு அப்பாற்பட்ட தூய தொன்மை ஒன்று உண்டு, பின்வந்தவை அதன் சீரழிவு என்ற சிந்தனை முறை அவரது அரசியலிலும் ஆய்விலும் ஒருசேரக் காணப்படுவதைக் கவனிக்காமல் விடவும் இயலாது.

இந்த இலக்கணத்தை உடைத்தவை சான்றுகளே. 1935இல் வெளிவந்த ஷிரோகோகோரோவின் நூல், எவெங்கியர் உள்ளிட்ட துங்குஸ் மக்களிடையே நேரில் வாழ்ந்து எழுதப்பட்டது. ஆவிகள் ஷாமனின் உடலுக்குள் வருவதும், அவற்றை அவர் தம் வசப்படுத்துவதும் அங்கே ஒரே நிகழ்வின் இரு கூறுகள் என்பதை அது காட்டுகிறது. 1971இல் மானுடவியலர் ஐ.எம். லூயிஸ் இதையே சுட்டிக்காட்டி எலியாதேயின் பிரிவினையை மறுத்தார். சொல் பிறந்த வீட்டிலேயே அந்த இலக்கணம் செல்லுபடியாகவில்லை.

ஒடிசாவின் சவரர்கள்

இந்தியாவிலிருந்தே ஒரு சான்றை விரிவாகப் பார்க்கலாம். தெற்கு ஒடிசாவின் மலைகளில் வாழும் சவரர் முண்டா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுபவர்கள். தங்களைச் சோரா என்று அழைத்துக்கொள்பவர்கள். வெரியர் எல்வின் 1955இல் இவர்களது சமயத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார். பியர்ஸ் விடெப்ஸ்கி 1970களில் தொடங்கிப் பல்லாண்டுகள் இவர்களிடையே ஆய்வு செய்தார். இறந்தவரோடு உயிருள்ளோரைப் பேசவைக்கும் சடங்காளருக்குச் சவரர் இட்ட பெயர் ‘குரான்’. இவர்களுள் பெரும் ஈமச்சடங்குகளை நடத்துவோரில் முதன்மையானவர்கள் பெண்கள்.

சடங்கு நடைபெறும் முறை இது. குரான் கால்களை நீட்டி அமர்கிறார். தமக்கு முன்பிருந்த குரான்களை அழைத்துப் பாடுகிறார். அவரது உயிர் செங்குத்தான பாதை வழியே பாதாளத்துக்கு இறங்குகிறது என்பது நம்பிக்கை. பாட்டு நின்றதும் தலை சாய்கிறது, கைகால்கள் விறைக்கின்றன. அருகிலிருப்போர் அந்த விறைத்த உறுப்புகளை மடக்கி நீவி இளக்குகிறார்கள். பிறகு காலியான அந்த உடலின் வழியே இறந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து பேசுகிறார்கள். முதற்பாதி உயிரின் பயணம்; பிற்பாதி ஆவியின் புகுகை. எலியாதே எதிரெதிராக நிறுத்திய இரண்டும் ஒரே பெண்ணிடம், ஒரே அமர்வில், ஒன்றுக்கு மற்றொன்று நிபந்தனையாக நிகழ்கின்றன. ஆள் வெளியேறினால்தான் மற்றவர் உள்ளே வர இடம் உண்டு. இவரை ஷாமன் என்பதா, ஆவியூடகர் என்பதா என்ற கேள்வி இங்கே பொருளிழக்கிறது.

அந்தப் பேச்சு அருள்வாக்கு அன்று, வாக்குவாதம். நோயில் கிடந்தபோது ஏன் என்னைப் பார்க்க வரவில்லை என்று இறந்தவள் கேட்கிறாள். வந்தோம், நீதான் மருந்தை மறுத்தாய் என்று மகள் அழுதுகொண்டே மறுக்கிறாள். நிலம், நகை, பங்கு ஆகியவையும் பேசப்படுகின்றன. கேலியும் சிரிப்பும் நடுவே எழுகின்றன. தொடக்கத்தில் இறந்தவர் தம்மைக் கொன்ற துன்பத்தின் வடிவில் வருகிறார். அதே நோயை உறவினருக்கும் தரவல்லவராகக் கருதப்படுகிறார். ஆண்டுக்கணக்கில் சடங்குகளும் உரையாடல்களும் நடந்த பின்னரே அவர் காக்கும் மூதாதையாக மாறுகிறார். அவரது பெயர் ஒரு குழந்தைக்குச் சூட்டப்படுகிறது. துக்கமும் சொத்துரிமையும் ஒருங்கே தீர்த்துக்கொள்ளப்படும் பொதுமன்றம் அது. உறவினர் எதிர்வாதம் செய்யாவிட்டால் அங்கே சடங்கே இல்லை.

இன்னொரு கூறும் கவனத்துக்குரியது. குரான் பாதாளத்தில் ஆவிக் கணவன் ஒருவனை மணக்கிறார். அந்தக் கணவன் சவரன் அல்லன்; உயர்சாதி இந்து. காட்டையும் நிலத்தையும் கடன்பத்திரத்தையும் கையில் வைத்திருந்த சமவெளி ஆதிக்கத்தின் முகம் அவனுடையது. ஆளும் தரப்பின் வலிமையை உறவுமுறைக்குள் இழுத்துத் தம் பக்கம் திருப்பும் கற்பனை இது. பழங்குடிகளை ‘வனவாசி’ என்று பெயர் மாற்றி, அவர்கள் என்றென்றும் இந்துக்களே என்று வாதிடுவோர் இந்தக் கணவனைச் சான்றாகக் காட்ட முற்படலாம். உண்மையில் அவன் காட்டுவது எதிர்நிலையை: யார் ஆண்டார், யார் ஆளப்பட்டார் என்பதைச் சவரர் நன்கு அறிந்திருந்தனர்.

இரு பிழைகள்

சந்தை வெட்டியெறிவது இந்த வாழ்க்கை முழுவதையும்தான். 1980இல் வெளியான தம் நூலில் மைக்கேல் ஹார்னர், பல்வேறு மக்களின் பழக்கங்களிலிருந்து ‘சாரத்தை’ மட்டும் பிரித்தெடுத்ததாகக் கூறிப் பயிற்சிகளை நிறுவினார். அந்தச் சாரம் எலியாதேயின் இலக்கணமே: பறையொலியும் தனிமனிதனின் மனப்பயணமும். உறவினர் இல்லை, இறந்தவரின் குற்றச்சாட்டு இல்லை, நிலப்பங்கு இல்லை, பதில் சொல்லும் கடமையும் இல்லை. சமூகத்தை நீக்கினால் எஞ்சுவது விற்கத்தக்க அனுபவம் மட்டுமே. ஆய்வாளர் ஆலிஸ் கெஹோ 2000இல் எழுதிய நூலில், இவ்வளவு வேறுபட்ட மக்களை ஒரே ‘தொன்மை’யாகத் திரட்டுவது, அவர்களை வரலாறற்ற ஆதிமனிதராக்கும் பழைய இழிநோக்கின் தொடர்ச்சியே என்று சாடினார். அவருடைய தீர்வு, சைபீரியாவுக்கு வெளியே அந்தச் சொல்லையே கைவிடுவது. அது மிகையென்று கருதுவோரும் உள்ளனர். ஆயினும் குற்றச்சாட்டின் அடிப்படை வலுவானது.

இரண்டாவது பிழை முற்போக்கு முகாமுக்கு உள்ளே நிகழ்ந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. சோவியத் ஒன்றியத்தில் 1920களிலும் 1930களிலும் ஷாமன்கள் மதகுருமார் என்ற வகையில் சேர்க்கப்பட்டு வாக்குரிமை இழந்தனர். குலாக்குகளோடு ஒருங்கே வர்க்க எதிரிகளாக நடத்தப்பட்டனர். அவர்களது பறைகள் பறிக்கப்பட்டன. செல்வாக்கும் மந்தைகளும் கொண்ட ஷாமன்கள் சிலர் இருந்தனர். பலரோ அண்டை வீட்டாரைப் போலவே வேட்டையாடியும் கலைமான் மேய்த்தும் பிழைத்தவர்கள். நிலமும் மடமும் கொண்ட திருச்சபையின் குருமாருக்குப் பொருந்திய அளவுகோல், உடைமையற்ற இவர்கள் மீதும் பாய்ந்தது. தவறான வகைப்பாடு தாளில் தங்கிவிடுவதில்லை; அது அரசாணையாகும்போது மனிதர்களை நொறுக்குகிறது. மதத்தின் மீது போர்ப் பிரகடனம் செய்வது அறிவீனம் என்று 1909லேயே லெனின் எச்சரித்திருந்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஆவிகள் உண்மையில் வந்தன என்று பொருள்முதல்வாதி ஏற்க வேண்டியதில்லை. சடங்கைப் போற்றிப் பாதுகாக்க வேண்டும் என்றும் இதற்குப் பொருளல்ல. சவரர் சடங்குகளில் எருமைகள் பலியிடப்பட்டன. அவற்றை வாங்கப் பட்ட கடன் மலைக்குடும்பங்களை வணிகரிடமும் வட்டிக்காரரிடமும் பிணைத்தது. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். மிகப் பெரும்பாலான இளையோர் பாப்டிஸ்ட் கிறித்தவத்தைத் தழுவினர். இறந்தவரோடு பேசும் வழக்கம் ஒரே தலைமுறையில் அருகியது. 2017இல் வெளிவந்த விடெப்ஸ்கியின் நூல் இதைப் பதிவு செய்கிறது. கடனிலிருந்தும் அச்சத்திலிருந்தும் கிடைத்த விடுதலை மெய்யானது. துக்கத்தை ஊர் நடுவே வாதாடித் தீர்க்கும் மன்றத்தை இழந்ததும் மெய்யானது. இரண்டில் ஒன்றை மட்டும் காண்பவர் சவரர்களைக் காணவில்லை.

தமிழில் இந்தச் சொல்லைப் பெயர்க்கும்போதும் இதே பொறுப்பு உண்டு. ‘சாமியாடி’ என்றால் பாதாளப் பயணம் மறைகிறது. ‘மந்திரவாதி’ என்றால் விட்சனின் சாத்தான் பூசாரி திரும்பி வருகிறான். குரானைக் குரான் என்றும் ஒயூனை ஒயூன் என்றும் எழுதி, அவர் என்ன செய்கிறார் என்று விளக்குவதே நேரிய வழி. அதன்பின் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: யார் பேசுகிறார், யாருக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், செலவை யார் ஏற்கிறார், ஆதாயம் யாருக்குச் செல்கிறது? சவர மலையில் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் ஒரு மக்களின் வரலாற்றைச் சொல்லும். வார இறுதி முகாமில் கிடைப்பது ஒரே விடை: கட்டண ரசீது.