இரண்டு பூஜ்யங்கள் ஒன்றல்ல

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும் தொடக்க வகுப்புகளில் நடைபெறும் முதல் பணிகளுள் ஒன்று, குழந்தைகளின் கற்றல் நிலையைக் கண்டறிவது. தமிழகத்தில் 2022-இல் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்கேற்பக் கற்பிக்கப்படுகிறார்கள். பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை அறிய இது உதவுகிறது. ஆனால், மாதங்கள் கடந்தும் அரும்பு நிலையிலேயே தங்கிவிடும் குழந்தையைப் பற்றி இந்த மதிப்பீடு ஒன்றும் சொல்வதில்லை. அக்குழந்தைக்கு எழுத்துகள் தெரியவில்லை என்பது உறுதி. ஏன் தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

இரண்டு குழந்தைகள் ஒரே தேர்வில் பூஜ்யம் பெறலாம். ஒரு குழந்தைக்கு இதுவரை யாரும் முறையாகக் கற்பிக்காமல் இருந்திருக்கலாம். வீட்டில் வேறு மொழி பேசலாம். பெற்றோரின் வேலை காரணமாக ஊர் ஊராக மாறியிருக்கலாம். மற்றொரு குழந்தைக்குத் தொடர்ந்து கற்பித்தும், எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உண்மையான இடர்ப்பாடு இருக்கலாம். முன்னவருக்குத் தேவை நல்ல கற்பித்தல்; பின்னவருக்குத் தேவை சிறப்புப் பயிற்சி. விடைத்தாள் இந்த இருவரையும் ஒன்றாகவே காட்டும். இவர்களைப் பிரித்தறிய உருவானதே 'டைனமிக் அசெஸ்மென்ட்' எனப்படும் இயங்குநிலை மதிப்பீடு. குழந்தைக்கு என்ன தெரியும் என்று கேட்பதோடு நில்லாமல், சிறிது கற்றுக்கொடுத்து, அந்தக் கற்பித்தலுக்கு அது எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்ப்பதே இதன் சாரம்.

வைகாட்ஸ்கி முதல் ஃபாயர்ஸ்டைன் வரை

இதன் வேர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் சிந்தனையில் உள்ளது. அவர் தந்த விளக்கம் எளிது. தனியாகத் தேர்வெழுதும்போது எட்டு வயதுக்குரிய திறனைக் காட்டும் இரு சிறுவர்களைக் கருதுங்கள். சிறு சிறு துணைக்குறிப்புகள் கொடுத்தால் ஒருவன் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்குகள் வரை செய்கிறான். மற்றவன் ஒன்பது வயதோடு நின்றுவிடுகிறான். இவ்விருவரின் மனவளர்ச்சியும் ஒன்று என்று சொல்ல முடியுமா என்பதே அவர் கேள்வி.

வைகாட்ஸ்கி 1934-இல் மறைந்தார். அதே கேள்வியைப் பின்னாளில் நடைமுறையில் சந்தித்தவர் இஸ்ரேலிய உளவியலாளர் ரூவன் ஃபாயர்ஸ்டைன். 1950-களில் மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதச் சிறார்கள் பலர் அறிவுத்திறன் சோதனைகளில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். அவர்களை மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முடிவுகட்ட மறுத்த அவர், சோதனைக்கு நடுவே கற்பித்து, மாற்றத்தை அளக்கும் முறையை உருவாக்கினார். பெரும் தாக்கம் செலுத்திய முறை அது. ஆயினும், சோதிப்பவரின் தனித்திறமையை மிகவும் சார்ந்திருந்ததால் அதைப் பரவலாக்குவது கடினமாயிற்று.

ஒரு படம், இரு விதமான பதில்

இத்துறையின் தெளிவான சான்றுகளுள் ஒன்று, அமெரிக்காவில் எலிசபெத் பெண்யாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு. சிறுவர்களின் சொல்வளத்தை அறிய அங்கு வழக்கமாகப் பயன்படும் சோதனையில், குழந்தை ஒரு படத்தைப் பார்த்து ஒற்றைச் சொல்லால் அதன் பெயரைக் கூற வேண்டும். சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த பாலர் பள்ளிக் குழந்தைகள் பலர் இதில் பின்தங்கினார்கள். பெயரைச் சொல்வதற்குப் பதில், அந்தப் பொருள் எதற்குப் பயன்படும் என்று விவரிப்பது அவர்களிடம் காணப்பட்டது. பெரியவர் தமக்கே நன்கு தெரிந்த ஒரு பொருளைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்பது எல்லா வீடுகளிலும் உள்ள பழக்கமன்று. ஆக, அச்சோதனை சொல்வளத்தோடு சேர்த்து, அந்தக் கேள்வி விளையாட்டின் விதி தெரியுமா என்பதையும் அளந்துகொண்டிருந்தது.

ஆய்வாளர்கள் செய்தது இதுதான். முதலில் வழக்கமான சோதனை. பின்னர் தனித்தனியாக ஓரிரு குறுகிய கற்பித்தல் அமர்வுகள். அவற்றில் சோதனையில் வரும் சொற்களை அவர்கள் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பெயர் உண்டு, அப்பெயரைச் சொன்னால்தான் கேட்பவருக்கு எது என்று விளங்கும் என்ற கருத்தையே விளக்கினார்கள். இறுதியில் மீண்டும் சோதனை.

முதற்சோதனையில், இயல்பான மொழி வளர்ச்சி உள்ள குழந்தைகளுக்கும் மொழித் திறனில் உண்மையாகவே குறை உள்ளவர்களுக்கும் இடையே வேறுபாடு புலப்படவில்லை. கற்பித்தலுக்குப் பிந்தைய சோதனையில் இரு குழுவினரும் தெளிவாகப் பிரிந்து நின்றார்கள். கற்பிக்கும்போது எவ்வளவு உதவி தேவைப்பட்டது, கவனம் எப்படி இருந்தது, கற்றதைப் புதிய இடத்தில் பயன்படுத்த முடிந்ததா என்ற குறிப்புகளும் மதிப்பெண்ணுக்கு இணையாக உதவின. முதற்சோதனையோடு நிறுத்தியிருந்தால், குறை ஏதுமற்ற குழந்தைகள் பலர் மீது மொழிக்குறைபாட்டு முத்திரை விழுந்திருக்கும்.

குறிப்புகளை எண்ணுவது

மற்றொரு வழியை அமெரிக்க ஆய்வாளர்கள் ஜோசப் காம்பியோனும் ஆன் பிரவுனும் வகுத்தார்கள். விடை வரும்வரை முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்புகளை மேலோட்டமானதிலிருந்து வெளிப்படையானது வரை வரிசையாகக் கொடுப்பது. எத்தனை குறிப்பு தேவைப்பட்டது என்று எண்ணுவது. குறைந்த குறிப்பில் கற்பதும், கற்றதைப் புதிய கணக்கில் பயன்படுத்துவதும்தான் இங்கே அளவுகோல்.

இதை நம் வகுப்பறைக்குப் பொருத்தி ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காணலாம். மூன்றாம் வகுப்பில் தமிழ் எழுத்துகளை வாசிக்க இயலாத இரு குழந்தைகள். அவர்களுக்கு வழக்கமான எழுத்துகளைத் தராமல், நாமே புனைந்த மூன்று மெய்க்குறிகளையும் ஓர் உயிர்க்குறியையும் கற்பிக்கிறோம். வட்டம் என்றால் 'ம', முக்கோணம் என்றால் 'ப', கட்டம் என்றால் 'ட', பக்கத்தில் சிறு கோடு வந்தால் நெடில் 'ஆ'. எழுத்து புனைந்ததாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் முன்பே கற்பிக்கப்பட்ட குழந்தைக்கும் கற்பிக்கப்படாத குழந்தைக்கும் இது ஒரே அளவு புதிது.

பிறகு 'மாடா', 'பாம' போன்ற பொருளற்ற நான்கு சொற்களை வாசிக்கச் சொல்கிறோம். தவறினால் ஐந்து குறிப்புகள். ஒன்று, மறுபடி பார்க்கச் சொல்வது. இரண்டு, முதற்குறியை மட்டும் சுட்டுவது. மூன்று, ஒவ்வொரு குறிக்கும் உரிய ஒலியைக் கேட்பது. நான்கு, முதல் ஒலியை நாமே சொல்லி இணைத்துக் காட்டுவது. ஐந்து, முழு விடையையும் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பது. முதற்குழந்தைக்கு நான்கு சொற்களுக்கும் முறையே 5, 3, 1, 0 குறிப்புகள் தேவைப்படுகின்றன. இரண்டாம் குழந்தைக்கு 5, 5, 4, 5. மறுநாள் 'ஈ' என்ற புதிய உயிர்க்குறியைச் சேர்த்தால், முதற்குழந்தை ஒரே குறிப்பில் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது குழந்தையோ நேற்றைய குறிகளையே மறந்திருக்கிறது.

காகிதத்தில் இருவரும் பூஜ்யம். இங்கோ, முதற்குழந்தைக்கு விடுபட்டது கற்பித்தலே என்பது விளங்குகிறது. இரண்டாம் குழந்தையின் பார்வையையும் செவித்திறனையும் உடனே பரிசோதித்து, வாசிப்பு இடர்ப்பாடு உள்ளதா என்று நிபுணர் ஆராய வேண்டும். இணைப்பதில் தடுமாற்றமா, ஒலியை நினைவில் வைப்பதில் தடுமாற்றமா என்பதையும் எந்தக் குறிப்பில் அக்குழந்தை நின்றது என்ற பதிவே காட்டிக்கொடுக்கும்.

எங்கே பிழைபடும்?

இம்முறையில் எளிதில் நேரும் பிழைகளும் உண்டு. முதலாவது, சோதிப்பவர். இரக்கத்தாலோ பொறுமையின்மையாலோ உதட்டசைவிலேயே விடையைச் சொல்லிவிட்டால் எண்ணிக்கை பொய்த்துவிடும். ஒரே ஒலிப்பதிவைக் கேட்டு இரு ஆசிரியர்கள் தனித்தனியே குறித்த எண்ணிக்கைகள் வெகுவாக வேறுபட்டால், குறை குழந்தையிடம் இல்லை, சோதனையில் இருக்கிறது என்று கொள்ளலாம். இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு மீளாய்வும், குழந்தைக்குக் குழந்தை மாறும் உதவியைவிட வரையறுக்கப்பட்ட உதவியே பிற்காலக் கற்றலைக் கூடுதலாகக் கணிக்கிறது என்று காட்டியது.

இரண்டாவது, மொழி. திருப்பூரில் பணிபுரியும் ஒடிய மொழித் தொழிலாளியின் குழந்தைக்குத் தமிழில் குறிப்புகள் கொடுத்தால், குறிப்பே ஒரு மொழித்தேர்வாகிவிடும். அக்குழந்தையின் மொழியிலோ செய்து காட்டியோ கற்பித்தால்தான் அளவீடு பொருள்படும். மூன்றாவது, முன்னும் பின்னும் பெற்ற மதிப்பெண்களை வெறுமனே கழித்துப் பார்ப்பது. பத்துக்கு எட்டு பெற்ற குழந்தை இரண்டு மட்டுமே கூடப் பெற முடியும் என்பதால் அது குறைவாகக் கற்றதாகிவிடாது.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, 'கற்கும் ஆற்றல் குறைவு' என்பது புதிய முத்திரையாக மாறுவது. இரு அமர்வுகளின் முடிவு ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லாது. அடுத்த சில வாரங்களுக்கு எப்படிக் கற்பிக்கலாம் என்பதை மட்டுமே சொல்லும். மாநில அளவிலான ஒப்பீட்டுக்கோ தரவரிசைக்கோ இது பயன்படாது. அப்பணிக்கு வழக்கமான தேர்வுகளே ஏற்றவை.

செய்யக்கூடியது

குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்துள்ளது. சான்றிதழுக்கு அறிவுத்திறன் சோதனையும் நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுதியும் பயன்படுத்தப்படுகின்றன. அவை தேவையே. ஆனால், ஒரு குழந்தையை அந்த வாசலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற முதல் முடிவு பெரும்பாலும் வகுப்பாசிரியரின் கணிப்பில் விடப்படுகிறது. அங்கேதான் இடைவெளி உள்ளது. கற்பிக்கப்படாத குழந்தை தேவையின்றி அனுப்பப்படுகிறது. உண்மையான இடர்ப்பாடு உள்ள குழந்தை 'மெதுவாகக் கற்கும்' என்ற ஆறுதலில் ஆண்டுகளை இழக்கிறது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனையை நடத்த வேண்டியதில்லை, நடத்தவும் இயலாது. ஒரு பருவம் முழுவதும் கற்பித்தும் அரும்பு நிலையிலிருந்து நகராதவர்களுக்கு மட்டும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் இருபது நிமிடம் வீதம் இரு நாள் அமர்ந்தால் போதும். தேவையானவை எழுதிவைத்த ஐந்து குறிப்புகள், ஒரு பதிவுத்தாள், இரண்டு நாள் பயிற்சி. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் சில பள்ளிகளில் இதை முயன்று, ஓராண்டு கழித்து அதே குழந்தைகளின் வாசிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதற்குழந்தை மலர் நிலைக்கு வந்திருந்தால், இரண்டாம் குழந்தைக்கு உரிய காலத்தில் உதவி கிடைத்திருந்தால், மாநிலம் முழுவதும் கொண்டுசெல்ல அதுவே போதிய சான்று.