பீடியை விட்ட மூன்றாம் நாள்

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 46 வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை வேலை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. இதுவரை மூன்று முறை விட்டுப் பார்த்துவிட்டார். மூன்று முறையும் மூன்றாம் நாள் வீட்டில் சண்டை, அன்று மாலையே மறுபடியும் பீடி. கடைசி முறை நிகோடின் சூயிங்கமும் வாங்கிக் கொடுத்தாராம். "தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தூக்கிப் போட்டுவிட்டார். இவருக்கு மன உறுதியே இல்லையா டாக்டர்?" என்று கேட்கிறார்.

மன உறுதி இல்லாதவர் மூன்று முறை முயற்சி செய்திருக்க மாட்டார், அம்மா. அவர் தோற்ற நாளைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே மூன்றாம் நாள். அதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிறது.

பீடிப் புகையை இழுத்தால் பத்து, இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். ஆனால் அது ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். வருடக்கணக்கில் பழகிய மூளை, அந்த அளவு குறைந்ததுமே அடுத்த பீடியைக் கேட்கும். விட்ட முதல் நாளே எரிச்சலும் பதற்றமும் ஆரம்பிக்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும். கோபம், தூக்கமின்மை, கவனக் குறைவு, மலச்சிக்கல், ஓயாத பசி எல்லாம் சேர்ந்து வரும். அதன்பின் மெல்ல மெல்லக் குறையும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நான்கு வாரத்தில் அடங்கிவிடும். பசி மட்டும் இன்னும் சில வாரம் நீடிக்கலாம். ஆக, உங்கள் வீட்டில் நடந்த சண்டை அந்த உச்சத்தின் அறிகுறி. நான்காம் நாளிலிருந்து இறங்குமுகம் என்று தெரிந்திருந்தால் இருவருமே அதை வேறு மாதிரி பார்த்திருப்பீர்கள்.

அந்த உச்சத்தைத் தாழ்த்தத்தான் நிகோடின் சூயிங்கம். 'பீடியிலும் நிகோடின், இதிலும் நிகோடினா?' என்று சிலர் பயப்படுவார்கள். அடிமையாக்குவது நிகோடின்தான். ஆனால் புற்றுநோய்க்கும் நுரையீரல் கெடுவதற்கும் முக்கியக் காரணம் புகையில் இருக்கும் தாரும் மற்ற நச்சுகளும். சூயிங்கத்தில் அவை இல்லை. நிகோடினும் மெதுவாக, குறைவாகவே ஏறும்.

உங்கள் கணவருக்கு அது பலிக்காததற்குக் காரணத்தை உங்கள் கடிதமே சொல்கிறது. தொண்டை எரிச்சலும் விக்கலும் வந்தால், சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருக்கிறார் என்று அர்த்தம். வயிற்றுக்குப் போன நிகோடின் அதிகம் பயன்படாது, எரிச்சல்தான் மிஞ்சும். அது கன்னத்தின் உட்பக்கத் தோல் வழியாக ஏற வேண்டும்.

சரியான முறை இது. நாலைந்து முறை மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று ஒரு காரம் தெரியும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் போய்விடும். மறுபடியும் சில முறை மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். காரம் வருவதே நின்றுவிட்டால் அது தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு எதிரி டீ. டீ, காபி, பழச்சாறு, சோடா போன்றவை வாயில் புளிப்பை ஏற்றி நிகோடினை ஏறவிடாமல் செய்யும். மெல்லுவதற்கு கால் மணி நேரம் முன்பிருந்து, மென்று முடிக்கும் வரை தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். மேலும், காபித் தூளிலும் டீத்தூளிலும் உள்ள கஃபீனை ஈரல் வேகமாக வெளியேற்றும்படி புகை செய்கிறது. பீடியை விட்டதும் அந்த வேகம் குறையும். அதே நாலு டீ குடித்தாலும் கஃபீன் ரத்தத்தில் முன்பைவிட அதிகமாகத் தேங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் கூடும், அதையும் பீடித் தவிப்பு என்றே நினைத்துக்கொள்வார். ஆகவே விடும் நாளிலிருந்து டீயைப் பாதியாக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். பீடியை விடப்போவதை டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

அளவு எவ்வளவு? விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் தேவைப்படும். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் ஆறு வாரம், தவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அடுத்த மூன்று வாரம் இரண்டிலிருந்து நான்கு மணிக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம் நாலிலிருந்து எட்டு மணிக்கு ஒன்று. பன்னிரண்டு வாரக் கணக்கு இது. நாலு நாளில் நிறுத்துவதால்தான் பலருக்குத் தோல்வி. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோடு சூயிங்கத்தையும் சேர்த்தால் பலன் இன்னும் கூடும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இதுவும் பலிக்காவிட்டால் மாத்திரை உண்டு. வரெனிக்ளின் என்ற மாத்திரையை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, மொத்தம் பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். குமட்டல் வரும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் குறையும். இரவில் விநோதமான கனவுகள் வரலாம். புப்ரோபியான் இன்னொன்று. வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. இரண்டையும் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மருந்தில்லாமல் விட முயலும் நூறு பேரில் ஏறக்குறைய ஆறு பேர்தான் ஆறு மாதத்துக்குமேல் தாக்குப் பிடிக்கிறார்கள். பட்டை, சூயிங்கம் ஏதாவது ஒன்றோடு ஒன்பது பேர். வரெனிக்ளினோடு பதினான்கு பேர். எந்த மருந்தும் மந்திரமில்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மருந்தோடு ஆலோசனையும் சேரும்போதுதான் வாய்ப்பு கூடும். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

வேலை இடத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும். சூளை அருகே மற்றவர்கள் பற்றவைக்கும் இடைவேளைதான் ஆபத்தான நேரம். அதற்கு அரை மணி முன்பே ஒரு சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கட்டும். ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் தணியும். அதுவரை தள்ளி நின்றால் போதும். பீடிக்குப் பதில் மெல்லும் புகையிலைக்கு மாறினால், அது விட்டதாக ஆகாது.

இடையில் ஒரு பீடி குடித்துவிட்டால்? மருந்தை நிறுத்த வேண்டாம். மீதிக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடரட்டும்.

கடைசியாக ஒன்று. விட்ட முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடலாம், பயப்பட வேண்டாம். ஆனால் பீங்கான் மண் தூசியில் சிலிக்கா உண்டு. அதோடு பீடியும் சேர்ந்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பிடிக்கும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைவு தெரிந்தாலோ, 'பீடியை விட்டதால்தான்' என்று இருந்துவிடாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அங்கே அது இலவசம்.