உறையாத எண்ணெயும் உறைந்துபோன சட்டமும்



சங்கக் கிளைகளின் வட்ஸ்அப் குழுக்களுக்கு அடிக்கடி ஒரு படம் வருகிறது. கடையில் வாங்கிய எண்ணெய் டின்னின் முகப்புப் படம். கீழே ஒரே கேள்வி: "இது நல்ல கம்பனியா சேர்?" படத்தில் தென்னை மரம், வெட்டிய தேங்காய், பெரிய எழுத்தில் "100% தூய்மையானது". இந்தப் படத்தை வைத்து எவராலும் பதில் சொல்ல முடியாது. முகப்பு என்பது விற்பவன் பேசும் பக்கம். அவன் பேச விரும்பாததெல்லாம் டின்னின் முதுகில் இருக்கிறது.

அண்மையில் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முகப்பில் தேங்காய்ப் படமும் "தூய சமையல் எண்ணெய்" என்ற வாசகமும். தேங்காய் எண்ணெய் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் கடையில் தேங்காய் எண்ணெய் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கே போத்தல் போத்தலாக அளந்து கொடுத்திருக்கிறார்கள். டின்னின் மற்றப் பக்கங்களையும், மூடியையும், அடிப்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், பளபளப்பு விழாதபடி சற்றுச் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், சேர்மானம் என்ற இடத்தில் இருந்தது ஒரே பெயர்: சுத்திகரித்த பாம் எண்ணெய்.

அந்தக் கம்பனி பொய் எழுதவில்லை. பாம் எண்ணெயும் தூயதாக இருக்கலாம். "100%" என்றால் எதில் 100% என்று கேட்க வேண்டும். அதற்கு விடை சொல்வது சேர்மானப் பட்டியல் மட்டும்தான். "மரக்கறி எண்ணெய்" என்று மட்டும் போட்டிருந்தால் அதைத் தேங்காய் எண்ணெய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "கொலஸ்ட்ரோல் அற்றது" என்பதும் அப்படித்தான். எந்தத் தாவர எண்ணெயிலும் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கொலஸ்ட்ரோல் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

முத்திரைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை ஒரு பொருளுக்குக் கொடுக்கப்படுவது. அதோடு ஓர் இலக்கம் இருக்கும். தேங்காய் எண்ணெய்க்குரிய நியமம் எஸ்.எல்.எஸ். 32. ஐ.எஸ்.ஓ. 22000 என்பதோ தொழிற்சாலையின் உணவுப் பாதுகாப்பு நிர்வாக முறைக்குக் கிடைக்கும் சான்று. டின்னுக்குள் இருப்பது தேங்காய் எண்ணெயா என்று அது சொல்லாது. இரண்டு டின்களை ஒப்பிடும்போது முத்திரைகளை எண்ணாதீர்கள். அவை எதற்கான முத்திரைகள் என்று பாருங்கள்.

இவ்வளவும் மூடி உடையாத டின்னுக்குத்தான். நமது கடைகளில் டின் ஏற்கெனவே திறந்திருக்கிறது. வெறும் டின்னை வாங்கி வேறு எண்ணெய் நிரப்புவதை அந்தப் படம் காட்டிக் கொடுக்காது. மூடியில் புது வளையம், அச்சடித்த திகதிக்கு மேல் ஒட்டிய காகிதம், புதிய திகதி போட்ட டின்னின் விளிம்பில் பழைய துரு, இவற்றில் ஏதாவது இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இங்கேதான் நம்மிடம் சொல்லப்படும் பெரிய பொய் வருகிறது. "குளிருக்கும் உறையாத முதல் தர எண்ணெய்" என்கிறார்கள். உறைந்த எண்ணெயைக் கண்டால் மெழுகு கலந்திருக்கிறது என்று நம்மவர்களும் பயப்படுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியஸில் உருகும். அதற்குக் கீழே குளிர்ந்தால் வெள்ளையாக உறைவது அதன் இயல்பு. நுவரெலியாவில், மஸ்கெலியாவில், குளிர்கால இரவில் லயத்து அறைக்குள்ளேயே விடியும்வரை திரவமாக நிற்கும் எண்ணெய் தனித் தேங்காய் எண்ணெயாக இருக்க முடியாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் போத்தல்களை நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் காய வையுங்கள். ஒன்றில் எஸ்.எல்.எஸ். 32 முத்திரையுள்ள, மூடி உடையாத தேங்காய் எண்ணெய். மற்றதில் கடையில் அளந்து வாங்கியது. இரண்டிலும் ஒரே அளவு ஊற்றி, இரவு முழுவதும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலையில் முதல் போத்தல் கட்டியாகி இருக்கும்போது இரண்டாவது மஞ்சளாக ஓடினால், அல்லது அடியில் வெள்ளையும் மேலே திரவமுமாகப் பிரிந்து நின்றால், கடைக்காரரிடம் கேள்வி கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தோட்டங்களில் இரவுக் குளிர் போதாது. அங்கே சில பனிக்கட்டித் துண்டுகளை மட்டும் போட்டு, அவை முழுவதும் கரைந்த பின் சற்றே குளிர்ந்திருக்கும் தண்ணீர் வாளிக்குள் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். அந்தக் குளிரில் பாம் எண்ணெயும் கட்டி தட்டத் தொடங்கும்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாம் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் தேங்காய் எண்ணெயைப் போலவே உறையும். ஆகவே உறைந்துவிட்டது என்பதற்காக நல்லது என்று முடிவு கட்ட முடியாது. நஞ்சும் இதில் தெரியாது. 2021 மார்ச் மாதத்தில், இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் இருப்பது தெரியவந்து நாடே கொந்தளித்தது. சரியாகக் காயாத கொப்பராவில் பிடிக்கும் பூஞ்சணத்திலிருந்து வரும் நஞ்சு அது. அந்த எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான். கண்டுபிடித்தது மூக்கோ நாக்கோ அல்ல, ஆய்வுகூடம்.

ஆய்வுகூடத்துக்குக் கலப்படம் பெரிய புதிரும் அல்ல. அயடீன் பெறுமானம் என்று ஓர் அளவு உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அது 6க்கும் 11க்கும் இடைப்பட்டது. பாம் ஒலீனுக்கு 56க்கு மேல். பாதிக்குப் பாதி கலந்தால் 30ஐத் தாண்டிவிடும். மாதிரி எடுத்து அனுப்பினால் போதும், பதில் வந்துவிடும். ஆனால் நமது லயத்துக் கடைக்கு மாதிரி எடுக்க யார் வருகிறார்கள்? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. கலப்பட உணவை விற்பது இறப்பர் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் குற்றம்தான்.

"ஏழைகள் மலிவைத் தேடினால் இப்படித்தான்" என்று சிலர் நமக்கே புத்தி சொல்கிறார்கள். நாம் மலிவைத் தேடவில்லை. தேங்காய் எண்ணெய் விலையைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கி வருகிறோம். பாம் எண்ணெய் விற்கட்டும், அது விலக்கப்பட்ட உணவல்ல. அதன் சொந்தப் பெயரில், சொந்த விலையில் விற்கட்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வைக்க வேண்டும். அளந்து விற்கும் கடை, டின்னை லேபல் தெரியும்படி வாடிக்கையாளர் முன்னால் வைக்க வேண்டும். கேட்டால் கொள்வனவு பில்லைக் காட்ட வேண்டும். பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தோட்டக் கடைகளில் எண்ணெய் மாதிரி எடுத்து, முடிவைக் கமிட்டிக்கு அறிவிக்க வேண்டும். கடை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். டின்னின் எல்லாப் பக்கப் படங்களும், வாங்கிய திகதியும், கொடுத்த விலையும் கையில் இருக்கட்டும். கடனுக்கு வாங்கியிருந்தால் கடன் கொப்பியின் அந்தப் பக்கத்தையும் படம் எடுங்கள். கடைக்காரரே தன் கையால் "தே. எண்ணெய்" என்று எழுதியிருப்பார். அதைவிட நல்ல சாட்சி நமக்கு வேண்டியதில்லை.