இடுக்குப் பிள்ளையாருக்கு எந்தக் கொலிஷன்?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தை அடுத்து இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. சின்னஞ்சிறு கட்டடம். பக்தர்கள் அதற்குள் நடந்து போவதில்லை. ஒருக்களித்துப் படுத்து, ஒரு தோளை முதலில் நுழைத்து, கையை ஊன்றி, உடலைத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டு மறுபுறம் வெளியே வருகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை விளையாட்டுக்காக உருவாக்கும் குழுவுக்கு என் யோசனை ஒன்றுதான்: ராஜகோபுரத்தை விடுங்கள், கொலிஷன் வேலையை இந்தக் கோயிலில் தொடங்குங்கள். 217 அடிக் கோபுரத்தை எந்தப் பெட்டிக்குள் அடைத்தாலும் ஆட்டக்காரருக்குத் தெரியாது. இடுக்குப் பிள்ளையாரில் தவறினால் அந்தக் கோயிலே இல்லாமல் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அளவுகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஸ்கேன் செய்த மாதிரி 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். முன்புறத் தரையும் சேர்ந்து மேற்பரப்பு 60 சதுர மீட்டர். 2 லட்சம் முக்கோணங்கள். இடுக்கின் அகலம் 45 செ.மீ.

அன்ரியலில் பலரும் முதலில் அழுத்துவது தானியங்கிக் கன்வெக்ஸ் கொலிஷன் பொத்தானைத்தான். அதன் இயல்பு அமைப்பு 4 ஹல், ஹல்லுக்கு 16 முனை, துல்லியம் 1,00,000. இந்தத் துல்லியம் என்பது பொருளைப் பிரித்துப் பார்க்கும் வாக்சல்களின் எண்ணிக்கை. 36 கன மீட்டரை ஒரு லட்சமாகப் பிரித்தால் ஒரு வாக்சலின் பக்கம் ஏறத்தாழ 7 செ.மீ. அதாவது இடுக்கின் குறுக்கே முழுதாகக் கிடைப்பது அதிகபட்சம் ஆறு வாக்சல்தான். இரு சுவரிலும் ஒவ்வொரு வாக்சல் பிசகினால் 45 செ.மீ. வழி 31 ஆகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் ஹல் எண்ணிக்கை. நடுவே வளைந்து போகும் வழியுள்ள ஒரு கட்டடத்தை நான்கே கன்வெக்ஸ் துண்டுகளால் மூட வேண்டுமென்றால், ஏதோ ஒரு துண்டு வழியின் மேலேயே விழும். கன்வெக்ஸ் உருவம் என்பது பொருளைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி மாதிரி. குழி எங்கே இருந்தாலும் அதன் வாயை மூடிவிடும். திரையில் வழி திறந்திருக்கும், ஆட்டக்காரர் வாசலிலேயே நிற்பார்.

இதைக் கண்டதும் அடுத்து கை போகும் இடம் `Use Complex Collision As Simple`. இனி ஸ்கேன் மெஷ்ஷே கொலிஷன். வழி திறந்துவிட்டது போலத் தோன்றும். இதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதில்தான் நம் துறையில் இன்னும் தெளிவில்லை என்று நினைக்கிறேன்.

"2 லட்சம் முக்கோணமா, பிசிக்ஸ் படுத்துவிடும்" என்பார்கள். அது முழு உண்மை இல்லை. முக்கோண மெஷ்ஷை எஞ்சின் ஒரு மர அமைப்பில் அடுக்கி வைக்கிறது. 2 லட்சம் முக்கோணங்களுக்கு அந்த மரம் பதினெட்டு நிலை அளவுக்குத்தான் ஆழம். தேவையான கிளைக்கு இறங்கிப் போவது மலிவான வேலை. மொத்த எண்ணிக்கை அடிப்பது நினைவகத்தை: முனைகளுக்கு 1.2 எம்.பி., முக்கோணப் பட்டியலுக்கு 2.4 எம்.பி., மரம் தனி. நேரத்தை அடிப்பது வேறொன்று. பொருள் மோதுகிற அந்த இடத்தில் முக்கோணங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே அது.

பிள்ளையார் முன்னால் சிதறுகாய் உடைக்கும் காட்சியை வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் 40 சில்லாகச் சிதறுகிறது. ஒவ்வொரு சில்லும் 5 செ.மீ.; எஞ்சின் சேர்க்கும் ஓர இடைவெளியோடு 9 செ.மீ. சதுரம். நம் ஸ்கேனில் சதுர மீட்டருக்கு 3,300 முக்கோணங்களுக்கு மேல் இருப்பதால், ஒரு சில்லின் அடியில் 27 முக்கோணம் வரும். 40 சில்லுக்கு ஒரு பிசிக்ஸ் படிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். நொடிக்கு 60 படி என்றால் 64 ஆயிரத்துக்கு மேல். அதே தரை ஒற்றைப் பெட்டியாக இருந்தால் படிக்கு 40 சோதனை, அவ்வளவுதான்.

வேகத்தோடு விஷயம் முடிவதில்லை. முக்கோணங்கள் சந்திக்கும் விளிம்பில் வழுக்கி வரும் சில்லு, அடுத்த முக்கோணத்தின் ஓரத்தைச் சுவராக எண்ணிக் காரணமில்லாமல் துள்ளும். சமதளத்தில் ஒரு பொருள் தடுக்கித் துள்ளினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று, முக்கோண மெஷ்ஷுக்குக் கனம் கிடையாது. அது வெறும் தோல். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் சில்லு ஒரு படியில் 13 செ.மீ. நகரும். முந்தைய படியில் தரைக்கு மேலே, அடுத்த படியில் தரைக்குக் கீழே. இடையில் தொட்டதாகவே பதிவு இருக்காது. அரை மீட்டர் தடிமனுள்ள பெட்டித் தரைக்கு உள்பக்கம் உண்டு. சில்லு உள்ளே புகுந்தாலும் 'நீ உள்ளே இருக்கிறாய்' என்று சொல்லி வெளியே தள்ள எஞ்சினால் முடியும். தொடர் மோதல் கண்டறிதலைப் போட்டுத் தோலையும் காப்பாற்றலாம், ஆனால் 40 சில்லுக்கும் அதன் செலவைக் கட்ட வேண்டும்.

சரி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துல்லியத்தால் ஆட்டக்காரர் இடுக்கில் நுழைந்தாரா? இல்லை. அன்ரியலின் `ACharacter` காப்ஸ்யூலின் இயல்பு ஆரம் 34 செ.மீ.; குறுக்களவு 68. வழியோ 45. குனிந்தால் காப்ஸ்யூலின் உயரம்தான் குறையும், ஆரம் மாறாது. மெஷ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நுழைய வேண்டிய உருவம் பெருத்திருந்தால் பயனில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே துல்லிய மெஷ்ஷுக்குத் தாவுவதுதான் நம்மிடம் பரவலாக உள்ள பிழை.

நுழைவதற்கு இரண்டு வழிதான். ஒன்று, வாயில் ஒரு ட்ரிகர் வைத்து, ஊர்ந்து செல்லும் அசைவை வரையறுத்த பாதையில் ஓட்டி, அந்த நேரத்துக்கு மோதலை நிறுத்திவிடுவது. இன்னொன்று, ஊரும்போது காப்ஸ்யூலை 20 செ.மீ. ஆரத்துக்குச் சுருக்குவது. இரண்டாவது வழியில் பக்கத்துக்கு 2.5 செ.மீ. இடைவெளிதான் மிஞ்சும். ஸ்கேனில் எதிரெதிர்ச் சுவர்களில் 3 செ.மீ. துருத்திய இரண்டு கற்கள் போதும், ஆள் மாட்டிக்கொள்வார். வழவழப்பான பெட்டிச் சுவரில் வழுக்கிப் போய்விடுவார். ஆக, எந்த வழியை எடுத்தாலும் இடுக்குக்குத் தேவை கையால் வைத்த பெட்டிகள். இரு பக்கச் சுவர், கூரை, தரை, வழி திரும்பும் இடத்தில் இன்னொரு தொகுதி என்று பத்துப் பெட்டிக்குள் வேலை முடியும். அத்தனையின் முனைகளும் சேர்ந்து 1 கே.பி.கூட வராது.

பிளெண்டரிலோ மாயாவிலோ செய்து எஃப்.பி.எக்ஸ் கோப்பில் அனுப்பும்போது பெயர்கள் இப்படி இருக்கட்டும்:

```
SM_IdukkuPillaiyar
UCX_SM_IdukkuPillaiyar_01
UCX_SM_IdukkuPillaiyar_02
```

முதல் வரியில் உள்ள பெயரும் `UCX_`க்குப் பின்வரும் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொலிஷனாகச் சேராது. ஒவ்வொரு துண்டும் மூடிய கன்வெக்ஸ் உருவமாக இருக்கட்டும். இறக்குமதியில் `One Convex Hull per UCX` தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நடப்பதற்கும் மோதுவதற்கும் பெட்டிகள். கால் எங்கே ஊன்றுகிறது, விரல் கல்லில் எங்கே குங்குமம் இடுகிறது என்று கதிர் விட்டுப் பார்க்க முக்கோண மெஷ். `bTraceComplex` இதற்காகவே இருக்கிறது. அதற்கும் 2 லட்சம் வேண்டாம். 2,000 முக்கோணமாகக் குறைத்த பிரதியை `Complex Collision Mesh` இடத்தில் வையுங்கள். சதுர மீட்டருக்கு 33 முக்கோணம், நினைவகம் 24 கே.பி. அளவு. நானைட் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே முக்கோணக் கொலிஷன் எடுக்கப்படுவது திரையில் தெரியும் மெஷ்ஷிலிருந்து இல்லை, குறைக்கப்பட்ட மாற்று மெஷ்ஷிலிருந்து. அது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அந்த மெஷ்ஷை நம்பக் கூடாது.

நகரும் பொருளுக்கு வந்தால் நியாயம் மாறுகிறது. கார்த்திகை மகா தீபத்துக்காக 2,668 அடி மலையுச்சிக்குக் கொப்பரையைச் சுமந்து செல்வார்கள். உச்சியில் அசையாமல் இருக்கும் கொப்பரை என்றால் குறைத்த முக்கோண மெஷ் போதும். சுமக்கும்போது சாயவும் உருளவும் வேண்டுமென்றால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. யூனிட்டி 5 முதல், கன்வெக்ஸ் அல்லாத `MeshCollider` இயக்கவியல் `Rigidbody`யோடு சேராது. கனமில்லாத தோலுக்கு நிறையையும் சுழற்சி நிலைமத்தையும் நம்பகமாகக் கணக்கிட முடியாது, இரு தோல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் எந்தப் பக்கம் தள்ளுவது என்றும் தெரியாது. ஒற்றை ஹல் போட்டாலோ கொப்பரையின் வாய் மூடிக்கொள்ளும். உள்ளே போடும் திரி காற்றில் மிதக்கும். அடிக்கு ஒன்று, சுற்றுச் சுவருக்கு ஆப்பு வடிவத்தில் 12 துண்டு என 13 கன்வெக்ஸ் வையுங்கள். உள் ஆரம் 60 செ.மீ. என்றால் 12 பக்கச் சுவர் உண்மையான வட்டத்திலிருந்து அதிகபட்சம் 2 செ.மீ. விலகும். 8 துண்டில் அது 4.6 செ.மீ. ஆகிறது. திரி சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். 12க்கு மேல் போவதை நான் வீண் என்பேன்.

கன்வெக்ஸ் உருவங்கள் இவ்வளவு மலிவாக இருப்பதற்கு ஜி.ஜே.கே. அல்கோரிதம் பெரிய காரணம். 1988இல் வெளியான அந்தக் கட்டுரையை எழுதிய மூவர் கில்பர்ட், ஜான்சன், கீர்த்தி. அந்த 'கே'க்கு உரிய எஸ். சத்திய கீர்த்தி திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். ரோபோக்களுக்காக எழுதப்பட்ட அந்த முறை கேட்பதெல்லாம் 'இந்தத் திசையில் உன் கடைசி முனை எது' என்பது மட்டுமே. ஒரு சில சுற்றுகளில் விடை கிடைத்துவிடும். நம் கல்லூரிகளில் விளையாட்டு உருவாக்கம் சொல்லித் தருபவர்கள் இந்தப் பெயரை மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ப்ராப்பை ஒப்படைக்கும் முன் அன்ரியலில் `Player Collision` காட்சி முறையிலோ, யூனிட்டியில் `Physics Debugger` திறந்தோ ஒருமுறை பாருங்கள். குழியும் துளையும் உள்ள ஒவ்வொரு பொருளிலும், ஆட்டக்காரரின் காப்ஸ்யூலை அந்தத் துளைக்குப் பக்கத்தில் நிறுத்தி அளவெடுங்கள். அளந்த பிறகும் துல்லிய மெஷ்தான் வேண்டுமென்று தோன்றினால் தாராளமாக வையுங்கள்.