தலைப்பிலேயே தீர்ப்பு எழுதலாமா?

தரம் 12 இல் எமக்கு ஒரு குழுச் செயற்றிட்டம் தரப்பட்டது. ஐந்து பேர் கூடி, தூக்கத்தைப் பற்றிச் செய்வோம் என்று ஒரே நாளில் முடிவெடுத்தோம். முதலாம் பாடவேளையில் யாராவது ஒருத்தி மேசையில் தலை சாய்க்காத நாளே எங்கள் வகுப்பில் இல்லை. ஆகவே படிவத்தில் அழகான கையெழுத்தில் இப்படி எழுதிக் கொடுத்தோம்: "இன்றைய மாணவிகளும் தூக்கமின்மையும் – ஓர் ஆய்வு."

ஆசிரியை அதைப் பிழை என்று வெட்டவில்லை. "பிள்ளைகள், இதுல என்னத்த அளக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தலைப்பில் "இன்றைய" என்பதற்கு எந்தக் காலமும் இல்லை. "மாணவிகள்" என்றால் எந்த வகுப்பு, எந்த ஊர் என்பதும் இல்லை. "உம்" என்ற ஒட்டு இரண்டு சொற்களைப் பக்கத்தில் இருத்தியதே தவிர, அவற்றுக்கிடையில் என்ன தேடுகிறோம் என்று சொல்லவில்லை. "ஓர் ஆய்வு" என்பதையோ எந்தச் செயற்றிட்டத்தின் வாலிலும் கட்டிவிடலாம்.

அன்று மாலையே இரண்டாவது தலைப்பு தயாரானது: "கைத்தொலைபேசிப் பாவனையால் மாணவிகளின் தூக்கத்தில் ஏற்படும் பாதிப்பு." முதலாவதை விட இது தெளிவாக இருந்தது. பெரியவர்களுக்கும் பிடித்திருந்தது. என் உம்மா அதை வாசித்துவிட்டு, "இதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறுத்தியது. நாங்கள் இன்னும் ஒரு மாணவியிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் முடிவு வந்துவிட்டது.

முதலாவது தலைப்பு சோம்பல் தலைப்பு. இரண்டாவதை அநியாயமான தலைப்பு என்றுதான் சொல்வேன். "பாதிப்பு" என்ற சொல், கைத்தொலைபேசிதான் காரணம் என்று விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. உண்மையில் மூன்று விதமாக நடக்கலாம். கைத்தொலைபேசி தூக்கத்தைக் குறைக்கலாம். தூக்கம் வராதவள் கைத்தொலைபேசியை எடுக்கலாம். அல்லது மூன்றாவதாக ஒன்று இரண்டையும் இழுக்கலாம்: பிரத்தியேக வகுப்பு முடிந்து இரவு எட்டரைக்கு வீடு வருபவள், சாப்பிட்டு, தொழுது, பின்னர் வகுப்பில் அனுப்பிய குறிப்புகளைக் கைத்தொலைபேசியில் பார்த்து எழுதுகிறாள். அவள் பதினொன்றரைக்குக் கைத்தொலைபேசியோடு இருந்தாள் என்பது உண்மை. அதனால்தான் விழித்திருந்தாள் என்பது உண்மையா? ஒரு தடவை வினாக்கொத்துக் கொடுத்துச் செய்யும் ஆய்வால் இம்மூன்றையும் பிரித்தறிய முடியாது. அந்த ஆய்வு சொல்லக்கூடியது "தொடர்பு" மட்டுமே. "பாதிப்பு", "விளைவு", "தாக்கம்" ஆகிய சொற்களைப் பரிசோதனை செய்பவர்களுக்கு விட்டுவிட வேண்டும்.

இது பள்ளிப் பிள்ளைகளின் வீண் கவனம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ரிச்சர்ட் டோல், ஒஸ்ரின் பிரட்போர்ட் ஹில் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் 1950 இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், "புகைத்தலும் நுரையீரல் புற்றுநோயும்: முதற்கட்ட அறிக்கை." புகைத்தல் ஒரு முக்கியமான காரணி என்று கட்டுரைக்குள் எழுதியிருந்தும் தலைப்பில் அவர்கள் அதை வைக்கவில்லை. 1951 இல் பிரித்தானிய மருத்துவர்களுக்கு வினாக்கொத்து அனுப்பினார்கள். 40,000 பேருக்கு மேல் பதிலளித்தார்கள். 1954 இல் வந்த அறிக்கையின் தலைப்பு, "மருத்துவர்களின் இறப்பு வீதம், அவர்களது புகைக்கும் பழக்கத்துடன் தொடர்புபடுத்தி: ஒரு முதற்கட்ட அறிக்கை" என்ற பொருளில் அமைந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "நோய்" போய் "இறப்பு வீதம்" வந்துவிட்டது, அதை எண்ணலாம். யாருடைய இறப்பு என்பதும் வந்துவிட்டது: மனிதர்கள் எல்லோருடையதும் அல்ல, மருத்துவர்களுடையது. அத்தனை ஆயிரம் பேரை வைத்திருந்தவர்களே "தொடர்புபடுத்தி" என்றார்கள். ஒரு கல்லூரியின் நான்கு வகுப்புகளை வைத்துக்கொண்டு நாங்கள் "பாதிப்பு" என்று எழுதப் புறப்பட்டோம்.

ஆகவே மூன்றாவது தடவை, தலைப்பை எழுதாமல் அதற்குரிய விடைகளை எழுத உட்கார்ந்தோம்.

முதலில் மாறிகள். "தூக்கம்" என்பது ஒரு சொல். அளந்தால்தான் அது மாறியாகும். நாங்கள் முதலில் "தூக்க நேரம்" என்று எழுதினோம். குழுவில் ஒருத்தி அதைப் படுக்கும் மணி என்று விளங்கிக்கொண்டாள், இன்னொருத்தி எத்தனை மணித்தியாலம் என்று விளங்கிக்கொண்டாள். ஆகவே "தூக்கத்தின் கால அளவு" என்று மாற்றினோம். எங்களில் அநேகர் ஸுபஹுக்கு எழும்புபவர்கள். எழும் நேரம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்று என்பதால், கால அளவைக் கூட்டிக் குறைப்பது படுக்கும் நேரம்தான். அதைப் பின்தள்ளுவது எது என்று பார்த்தபோது, கைத்தொலைபேசிக்கு முன்னால் பிரத்தியேக வகுப்பு வந்து நின்றது. "மாலை வகுப்பு முடியும் நேரம்" என்று எழுதினால், வகுப்பு இல்லாத நாளில் அந்தப் பெட்டி வெறுமையாகிவிடும். "வீடு சேரும் நேரம்" என்றால் எல்லா நாளுக்கும் விடை உண்டு. ஒரே மாணவியின் வகுப்புள்ள நாளையும் வகுப்பில்லாத நாளையும் ஒப்பிடவும் முடியும். தலைப்பைத் திருத்தப் போய் ஆய்வையே திருத்திக்கொண்டோம்.

அடுத்தது குடித்தொகை. எங்கள் ஐவரின் தோழியரிடமே கேட்பது இலகு. ஆனால் நாங்கள் ஐவரும் விஞ்ஞானப் பிரிவு, தோழியரும் பெரும்பாலும் அப்படியே. அவர்களிடம் கேட்டுவிட்டுத் தலைப்பில் "தரம் 12 மாணவிகள்" என்று எழுதினால், கலைப் பிரிவிலும் வர்த்தகப் பிரிவிலும் உள்ளவர்களின் பெயரில் நாங்கள் பேசியதாகிவிடும். வழி இரண்டுதான்: தலைப்பைச் சுருக்கலாம், அல்லது மாதிரியை அகலமாக்கலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். நான்கு வகுப்புகளின் இடாப்பையும் எடுத்து, முதல் மூன்று பெயர்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கித் தெரிவுசெய்து, அங்கிருந்து ஒவ்வொரு மூன்றாவது பெயரையும் எடுத்தோம். அப்படியிருந்தும் இது எங்கள் கல்லூரியைப் பற்றிய ஆய்வு மட்டுமே. "இலங்கை மாணவிகள்" என்று எழுதும் உரிமை எமக்கில்லை.

மூன்றாவது முறை. "வழமையாக எத்தனை மணித்தியாலம் தூங்குவீர்கள்?" என்று கேட்டால், பலர் யோசிக்காமல் "எட்டு" என்பார்கள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது என்று படித்திருப்பதால், நல்ல விடை எது என்றும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே நினைவை நம்பாமல் ஒரு சிறு குறிப்பேடு கொடுத்தோம். பெயருக்குப் பதிலாக இலக்கம். ஒவ்வொரு காலையும் மூன்று நேரங்களை மட்டும் எழுத வேண்டும்: நேற்று வீடு சேர்ந்தது, விளக்கணைத்துப் படுத்தது, இன்று எழுந்தது. வெள்ளி, சனி இரவுகளை விட்டுவிட்டு இரண்டு வாரம், அதாவது 10 இரவுகள். விளக்கணைத்த நேரமும் கண் அயர்ந்த நேரமும் ஒன்றல்ல என்பதும் எமக்குத் தெரியும். அதனால்தான் "குறிப்பேடு" என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தோம். இது இயந்திரம் அளந்ததல்ல, மாணவிகள் தாமே எழுதியது என்று வாசிப்பவர் முதல் வரியிலேயே அறியட்டும்.

இறுதியில் தலைப்பு இவ்வாறு அமைந்தது:

"தரம் 12 மாணவிகள் மாலையில் வீடு சேரும் நேரத்துக்கும் அவர்களது இரவுத் தூக்கத்தின் கால அளவுக்கும் இடையிலான தொடர்பு: எமது கல்லூரியில் 10 பாடசாலை நாள் இரவுகளுக்கான தூக்கக் குறிப்பேட்டு ஆய்வு."

இது நீளம் என்று தோழியர் சிரித்தார்கள். கவிதைக்கு இப்படித் தலைப்பு வைத்தால் நானும் சிரிப்பேன். கவிதையின் தலைப்பு வாசகரை உள்ளே அழைத்தால் போதும். செயற்றிட்டத்தின் தலைப்போ எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று கொடுக்கும் வாக்கு. எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கவும் கூடாது. எத்தனை பேர், இடாப்பில் எப்படித் தெரிவுசெய்தோம் என்பவை உள்ளே வரவேண்டியவை. எல்லாத் தலைப்புக்கும் மாறிகள் வேண்டுமென்பதும் இல்லை. ஊர்ப் பள்ளிவாசலின் வரலாற்றை எழுதுபவளுக்கு மாறிகள் இருக்காது. எந்தப் பள்ளிவாசல், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பதிவேடுகளா மூத்தோரின் வாய்மொழியா என்பதே அவளுடைய தலைப்பு.

ஒரு தலைப்பு சரியா என்று பார்க்க நான் இப்போது இரண்டு சோதனைகளைச் செய்கிறேன். முதலாவது, தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு வெறும் அட்டவணை ஒன்றை வரையப் பார்ப்பது. எங்கள் முதலாவது தலைப்பில் ஒரு நிரலுக்கும் பெயர் எழுத முடியவில்லை. கடைசித் தலைப்பில் மாணவி இலக்கம், திகதி, வீடு சேர்ந்த நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம், கால அளவு என்று ஆறு நிரல்களும் தாமாகவே வந்தன. இரண்டாவது, முடிவு தலைகீழாக வந்தாலும் தலைப்பு நிற்குமா என்று கேட்பது. "பாதிப்பு" என்று எழுதியிருந்து, பாதிப்பே இல்லை என்று கண்டால், ஒன்று தலைப்பை மாற்ற வேண்டும், அல்லது தரவை மாற்ற வேண்டும். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது எதை மாற்றுவது இலகு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சோதனைக்குள் எம்மைத் தள்ளாத தலைப்பே நேர்மையான தலைப்பு.

ஆகவே செயற்றிட்டப் படிவத்தில் தலைப்புக்கான கோட்டின் கீழ், அந்த வெறும் அட்டவணைக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை நிரப்ப முடியாதவளுக்குத் தலைப்பை அங்கீகரிக்காமல் இன்னொரு வாரம் கொடுக்கலாம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் செயற்றிட்டத் தலைப்பு உங்கள் எண்ணத்தோடு அப்படியே ஒத்துப்போனால், மகிழ்வதற்கு முன் "இதை எப்படி அளந்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதை எழுதும்போது எங்கள் குறிப்பேடுகளில் நான்கு இரவுகள்தான் நிரம்பியிருக்கின்றன. பிந்தி வீடு சேர்வதால் தூக்கம் குறைகிறதா, அல்லது முந்தி வந்தவளும் அதே நேரத்துக்குத்தான் படுக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியாது. உம்மா நேற்றும் கேட்டார், "போன்தானே காரணம்?" என்று. "இன்னும் ஆறு இரவு இருக்கு உம்மா" என்றேன்.