2.57 என்ற எண்ணும் பதினான்கு விழுக்காடும்

ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரைகளின்படி மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 7,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய அடிப்படையை 2.57 ஆல் பெருக்க வேண்டும் என்பதே விதி. ஃபிட்மென்ட் காரணி எனப்படும் இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், ஊதியம் 157 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்றே சொல்வார். கணக்கில் பிழை இல்லை. எதன் மீது கணக்கிடப்பட்டது என்பதில்தான் சிக்கல்.

புதிய ஊதியம் நடைமுறைக்கு வந்த 2016 ஜனவரி 1 அன்று அகவிலைப்படி 125 விழுக்காடாக இருந்தது. ஆகவே அந்த ஊழியர் அதற்கு முன்பே 7,000 ரூபாயுடன் 8,750 ரூபாய் அகவிலைப்படியும் சேர்த்து 15,750 பெற்றுக்கொண்டிருந்தார். புதிய ஊதியத்தில் அகவிலைப்படி சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. 2.57 இல் 2.25 பங்கு அவர் முன்பே கைக்கொண்டிருந்த பணம். உண்மையில் கூடியது 2,250 ரூபாய். பழைய தொகையோடு ஒப்பிட்டால் சுமார் 14.3 விழுக்காடு.

அதுவும் முழு ஊதியத்தின் மீதல்ல. அவர் டெல்லியில் பணிபுரிந்தவர் எனக் கொள்வோம். வீட்டு வாடகைப்படி பழைய அடிப்படையில் 30 விழுக்காடு, அதாவது 2,100 ரூபாய். திருத்திய படிகள் 2017 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தன என்பதால், அதுவரை இந்த 2,100 அப்படியே நீடித்தது. மற்ற படிகளை ஒதுக்கிவிட்டால், 17,850 ரூபாய் 20,100 ஆனது. உயர்வு 12.6 விழுக்காடு. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களுக்கான வாடகைப்படி நிலுவை பின்னர் வழங்கப்படவும் இல்லை.

அடிப்படை ஊதியத்தின் மீதான விழுக்காடு எப்போதுமே ஏமாற்றும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஆண்டுதோறும் வழங்கப்படும் 3 விழுக்காட்டு ஊதிய உயர்வும் அடிப்படையின் மீதே கணக்கிடப்படுகிறது. ஆனால் அகவிலைப்படியும் வாடகைப்படியும் அடிப்படையின் விழுக்காடுகளாதலால் அவையும் உடன் உயர்கின்றன. பயணப்படி போன்ற நிலைத்தொகைகளே பின்தங்குகின்றன. மொத்த உயர்வு மூன்று விழுக்காட்டுக்குச் சற்றே குறையும், அவ்வளவுதான். அடிப்படை உயரும்போது ஏனைய உறுப்புகள் உடன் உயர்கின்றனவா, அசையாமல் நிற்கின்றனவா, அல்லது அதனுள் கரைந்துபோகின்றனவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஊதியக்குழுவின் கணக்கில் நிகழ்வது மூன்றாவது.

எட்டாவது ஊதியக்குழுவின் காரணி இரண்டா, மூன்றா என்ற ஊகங்கள் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. 2025 ஜூலையில் அகவிலைப்படி 58 விழுக்காடாக இருந்தது. அந்த நிலையில் 1.58 என்ற காரணி, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் ஒரு ரூபாயைக்கூடக் கூட்டாது. காரணி 2 என்றால் இரட்டிப்பு அன்று; 26.6 விழுக்காடு. அகவிலைப்படி மேலும் உயர உயர, அதே 2 தரும் உண்மையான உயர்வு இன்னும் சுருங்கும்.